முகம் தெரியட்டும், முகவரி தெரிய வேண்டாம்

நம் பாட்டனார் காலத்துப் பெட்டகங்களைத் திறந்தால், அடியிலே ஒரு கடித உறைக்குள் பெரும்பாலும் ஒரு புகைப்படம் கிடக்கும். ஸ்ரூடியோவிற் பிடித்த படம். பின்னால் மலையும் ஏரியும் தீட்டிய ஒரு திரைச்சீலை. பக்கத்திலே ஒரு பூச்சாடி. நடுவே பட்டுச் சேலையுடன் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். கல்யாணப் பேச்சுக்காகப் பிடித்த அந்தப் படத்தை எத்தனை முறை உற்று நோக்கினாலும், அவளுடைய வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது, அவள் எந்த வேளையில் கிணற்றடிக்குப் போவாள் என்பன ஒருவருக்கும் விளங்கா. அந்தத் திரைச்சீலை அழகுக்காகத் தொங்கவிடப்பட்டதுதான். ஆயினும் அழகோடு ஒரு காவலையும் அது செய்து வந்தது. போதாக்குறைக்கு, படத்தை எடுத்துச் சென்றவர் தரகரோ உறவினரோ ஆவார். அதைப் பெற்றவர் இன்னார் மகன் என்பது இரு வீட்டாரும் அறிந்த செய்தி.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கைத்தொலைபேசியிலுள்ள செயலிகளின் மூலம் துணை தேடுகிறார்கள். டேட்டிங் செயலி என்றாலும், மணமகள் மணமகன் தேடும் செயலி என்றாலும், இவ்விடயத்தில் இரண்டும் ஒன்றே. ஒரு படத்துக்குப் பதில் ஆறு படங்கள். தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் பதில் முன்பின் அறியாத ஆயிரம் பேர். தீட்டிய திரைச்சீலைக்குப் பதில் நம்முடைய சொந்த வீடும் வீதியும் காரியாலயமும். இந்த ஆறு படங்களை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். படங்கள் பலவகைப்பட்டனவாகவும் உண்மையானவையாகவும் இருத்தல் வேண்டும். அதே வேளையில் வீட்டையும் வேலைத்தலத்தையும் அன்றாட நடமாட்டத்தையும் அவை காட்டிக்கொடுத்தல் ஆகாது. இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். சற்று நிதானித்து நோக்கினால் அவ்வாறில்லை என்பது புலனாகும்.

படம் எவ்வளவு பேசும் என்பதை அறியாதார்க்கு ஜப்பானில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுதல் தகும். 2019ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் தோக்கியோ நகரிலே, இளம் பாடகி ஒருவர் தம் வீட்டு வாசலில் வைத்துத் தாக்கப்பட்டார். தாக்கியவன் அவருடைய இரசிகன். வீட்டை எவ்வாறு கண்டுபிடித்தாய் என்று பொலிசார் வினவியபோது அவன் கூறிய விடை உலகெங்கும் செய்தியாயிற்று. அப்பெண் வெளியிட்டிருந்த படமொன்றைப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறான். அவரது கண்மணியிலே, எதிரே இருந்த புகையிரத நிலையத்தின் சாயல் தெரிந்திருக்கிறது. கூகுள் நிறுவனத்தின் வீதிப் படங்களோடு அதனை ஒப்பிட்டு எந்த நிலையம் என்று அறிந்துகொண்டான். பின்னர், அவர் வீட்டிலிருந்து வெளியிட்ட காணொளிகளிலே திரைச்சீலை எங்கே தொங்குகிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பவற்றை ஆராய்ந்து, எந்த அறை என்பதையும் கணித்தான். அப்பெண் தம் முகவரியை ஓரிடத்திலும் எழுதினாரில்லை. கண் எழுதிவிட்டது.

அவன் பயன்படுத்திய வீதிப் படங்கள் ஜப்பானுக்கு மட்டும் உரியன அல்ல. நம் நாட்டின் வீதிகளும் 2016ஆம் ஆண்டிலிருந்து அவற்றில் உண்டு. கொழும்பிலோ கண்டியிலோ ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் படத்திற் கண்ட ஒருவர், இருந்த இடத்திலிருந்தே அந்தச் சந்திக்குப் ‘போய்’ நின்று நாற்புறமும் பார்க்க முடியும்.

இதனாற் படமே போடக்கூடாது என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டா. முகத்தை மறைத்து, பூவையும் பூனையையும் படமாக இடுபவரை எதிர்ப்பக்கத்தார் நம்புவதில்லை, அது நியாயமுமாகும். நாம் வேறுபடுத்தி அறிய வேண்டியவை இரண்டு. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது ஒன்று. அவரை எங்கே, எப்போது காணலாம் என்பது மற்றொன்று. முன்னையதை மறைத்தல் வஞ்சனை. பின்னையதை மறைத்தல் படலையைச் சாத்தி வைப்பது போன்றது. படலை சாத்திய வீட்டாரை ஒருவரும் பொய்யர் என்பதில்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடொன்றில் பெற்றாருடன் வசிப்பவளும், கொழும்பில் ஒரு வங்கியிற் கடமை புரிபவளுமாகிய இருபத்தேழு வயதுப் பெண்ணொருத்தியை எண்ணிக்கொள்வோம். அவள் ஆறு படங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறாள். எல்லாம் நல்ல படங்கள். எல்லாம் மெய்யான படங்கள்.

முதலாவது, மாலை வெயிலில் வீட்டு மாடத்தில் நின்று எடுத்தது. பின்னால் கடல், கடலுக்கு முன் இருப்புப்பாதை, வலப்பக்கத்து மூலையிலே புகையிரத நிலைய மேடையின் ஒரு முனை, இடப்பக்கத்திலே அயற் கட்டடத்தின் நீலநிறத் தண்ணீர்த் தாங்கி. இரண்டாவது, காரியாலய மேசையில் எடுத்தது. கழுத்திலே வங்கியின் பெயர் பொறித்த பட்டியும் அடையாள அட்டையும் தொங்குகின்றன. மூன்றாவது, கடற்கரை வீதியில் ஓட்டப் பயிற்சி. கீழே ‘ஒவ்வொரு விடியலும் இங்கேதான்’ என்று ஒரு வரி. கையிலுள்ள கடிகாரம் ஐந்து நாற்பது காட்டுகிறது. நான்காவது, பழைய மாணவியர் சங்க விருந்து; பின்னாலுள்ள பதாகையிலே கல்லூரியின் பெயரும் வகுப்பு விலகிய ஆண்டும் உள்ளன. ஐந்தாவது, மைத்துனியின் திருமணம். அவளைச் சுற்றி எழுவர், மடியிலே தமக்கையின் குழந்தை. ஆறாவது, வீட்டுப் படலையடியில் தன் ஸ்கூட்டருடன். இலக்கத் தகடு தெளிவாகத் தெரிகிறது.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும் தாயோ தந்தையோ குற்றம் காணமாட்டார். சேலை ஒழுங்காக இருக்கிறது, முகம் மலர்ந்திருக்கிறது என்றே சொல்வர். ஆனால் அந்நியன் ஒருவன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை, சேர்த்துப் பார்ப்பான். முதற் படத்தின் இருப்புப்பாதையும் நிலைய மேடையும் ஊரைச் சொல்கின்றன. சூரியன் கடலில் இறங்குவது தெரிவதால் மாடம் மேற்குப் பார்த்தது. இருப்புப்பாதை எவ்வளவு கீழே கிடக்கிறது என்பது எத்தனையாவது மாடி என்பதைக் கிட்டத்தட்டச் சொல்கிறது. நீலத் தண்ணீர்த் தாங்கி கட்டடத்தை உறுதி செய்கிறது. ஆறாம் படத்திலுள்ள படலை அதற்கு முத்திரையிடுகிறது. இரண்டாம் படம் வங்கியைச் சொல்ல, நான்காம் படத்தின் கல்லூரியும் ஆண்டும் சேர்ந்தால் முழுப் பெயரை அறிவது கடினமன்று. நம் சமூகம் சிறியது. அந்தக் கல்லூரியில் அந்த ஆண்டிற் படித்த ஒருத்தியைத் தெரிந்தவர் எவர்க்கும் இரண்டு பேருக்கு அப்பால் இருக்கமாட்டார். எஞ்சியது மூன்றாம் படம். அது மற்றையவற்றிலும் கொடியது. ஏனெனில் இடத்தோடு வேளையையும் சொல்கிறது. விடியற்காலை, ஆள் நடமாட்டம் குறைந்த நேரம், தினந்தோறும்.

ஆகவே படமொன்றைத் தேரும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: ‘இப்படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் நாளைக் காலை நம்மை எதிர்பார்த்து ஓரிடத்தில் வந்து நிற்க முடியுமா?’ முடியும் என்றால் அப்படம் விலக்கத்தக்கது. முடியாது என்றால், எத்துணை அழகிய இடம் பின்னணியில் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சென்ற சித்திரை விடுமுறைக்கு நுவரெலியாவுக்குச் சென்று வாவிக்கரையில் எடுத்த படம், நாளை அவள் எங்கே இருப்பாள் என்பதைச் சொல்லாது. சிகிரியாவும் திருகோணமலையும் அவ்வாறே. ஒருமுறை போய் வந்த இடம் தீங்கற்றது. திரும்பத் திரும்பப் போகும் இடமே காட்டிக்கொடுப்பது. வெள்ளிக்கிழமைக் கோயில், சனிக்கிழமைச் சங்கீத வகுப்பு, மாலையில் தேநீர் அருந்தும் கடை ஆகியவை படத்தில் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் பின்னைய வகையைச் சேர்ந்தவை. சுற்றுலாப் படத்தையுங்கூட, வீடு திரும்பிச் சில வாரம் கழிந்த பின்னரே இடுதல் நன்று. அவ்விடத்தில் நிற்கும்போதே இட்டால், இப்போது எங்கே இருக்கிறோம் என்பதைச் சொன்னதாகும்.

இனி அப்பெண்ணின் ஆறு படங்களையும் மாற்றி அமைப்போம். பலவகை என்பதற்குப் பல இடம் என்று பொருள் கொள்வதனாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். பார்ப்பவருக்கு வேண்டியது முகம் எப்படி, முழு உருவம் எப்படி, சிரித்தால் எப்படி, அலங்கரித்தால் எப்படி, எதிலே ஈடுபாடு என்பனவே. இடத்தை மாற்றாமலேயே இவற்றையெல்லாம் காட்டலாம்.

முதற் படம் முகம். மர நிழலிலோ, வெயில் நேரே படாத வெறுஞ் சுவரின் முன்னோ நிற்க வேண்டும். உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே கருநிழலை வீழ்த்தும். படத்தைத் தானே கைநீட்டி எடுக்காமல், ஐந்தடி தொலைவில் நின்று வேறொருவர் எடுத்தல் நன்று. கைநீட்டும் தூரத்தில் எடுக்கும்போது கமராவுக்கு மிக அருகிலுள்ள மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழும். அது பொய் முகம். தொலைவில் எடுத்த முகமே நேரிற் காணும் முகத்தை ஒத்திருக்கும். மூக்குக் கண்ணாடி அணிபவர் கண்ணாடியுடனே இருத்தல் வேண்டும்; ஆனால் எடுத்த பின் அக்கண்ணாடியைப் பெருப்பித்து, அதிலே எதிர்வீடோ பெயர்ப்பலகையோ விழுந்திருக்கிறதா என்று நோக்குக. ஜப்பானிய நிகழ்ச்சியை மறவாதிருப்போமாக.

இரண்டாவது முழு உருவம். நுவரெலியாப் படம் அதற்குப் போதும். மூன்றாவது ஈடுபாடு. அவள் வீணை பயில்பவள் என்று கொள்வோம். வீட்டின் கூடத்திலேயே அமரலாம். ஆனால் பின்னால் தொங்குவது அன்றாடத் திரைச்சீலையாக இராமல், அலுமாரியில் மடித்து வைத்திருந்த ஒரு வெறுந் துணியாக இருக்கட்டும். பாட்டியின் ஸ்ரூடியோச் சீலைக்கு இவ்வாறு மறுபடியும் வேலை வருகிறது. நான்காவது ஓட்டம். ஓடுபவள் என்பது அவளைப் பற்றிய உண்மை. அதை விட வேண்டியதில்லை. கடற்கரை வீதியையும் நேரத்தையும் மாத்திரம் விட்டுவிட்டு, வேறோர் ஊரில் ஒருநாள் ஓடியபோது எடுத்த படத்தை இடலாம். போட்டியில் எடுத்ததாயின், மார்பிற் குத்திய இலக்கத்தை வெட்டிவிட வேண்டும். போட்டி முடிவுகளைப் பலர் இணையத்தில் வெளியிடுகின்றனர். இலக்கத்தைத் தேடினாற் பெயர் வந்துவிடும்.

ஐந்தாவது அலங்காரம். திருமணத்தன்று தனியே நின்று எடுத்த படத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டப் படம் வேண்டாம். எண்மரில் யார் இவள் என்று பார்ப்பவர் தேட வேண்டியிருக்கும்; மேலும் மற்றைய எழுவர் அச்செயலியிற் சேரச் சம்மதித்தவர் அல்லர். தமக்கையின் குழந்தையோ சம்மதம் என்ற சொல்லையே அறியாதது. ஆறாவது, கடமைக்குப் போகும் உடையில் ஒரு சாதாரணப் படம். கழுத்துப் பட்டியும் அட்டையும் இன்றி, ஒரு வெறுஞ் சுவரின் முன். வங்கியில் வேலை என்று எழுத்தில் சொன்னாற் போதும். எந்த வங்கி, எந்தக் கிளை என்பதைப் பழகி நம்பிக்கை பிறந்த பின் சொல்லிக்கொள்ளலாம்.

வேண்டாதது ஒன்று நல்ல படத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டால், அதனை மழுக்குவதைக் காட்டிலும் வெட்டியெறிவதே மேல். பலகையின் எழுத்தை மழுக்கினாலும் அதன் நிறமும் வடிவும் அளவும் எஞ்சி நிற்கும். தினமும் அவ்வழியே போகிறவருக்கு அவையே போதும். வெட்டிய பின் முகத்தைச் சுற்றிச் சுவர் மாத்திரமே மிஞ்சினாலும் நட்டமில்லை.

உண்மையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். படங்கள் கடந்த ஓராண்டுக்குள் எடுக்கப்பட்டனவாக இருத்தல் நன்று. உடல் மெலிந்தோ பருத்தோ, மயிர் நரைத்தோ, தாடி வளர்ந்தோ இருப்பின் அதன் பின்னரான படமே உண்மைப் படம். முகத்தின் நிறத்தை வெளுப்பாக்கி, தாடையை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கும் வடிகட்டிகளைத் தொலைபேசி தானாகவே இயக்கிவிடுவதும் உண்டு. கமராவின் அமைப்பிற் போய் அதனை நிறுத்த வேண்டும். ஆண்பிள்ளைகள் நண்பனுடைய மோட்டார் வாகனத்திற் சாய்ந்து நின்று எடுக்கும் படமும் இந்த வடிகட்டிகளுக்கு உறவுதான். சோதனை எளிது. முதற் சந்திப்பிலே தேநீர்ச் சாலையின் வாசலில் நுழையும்போது, படத்தைக் கண்ட ஒருவர் சட்டென்று இவரே அவர் என்று அடையாளம் காண வேண்டும். தயங்கினால் படம் பொய்த்தது என்பது பொருள்.

இதுகாறும் கண்ணாற் காணக்கூடியவற்றைக் கூறினோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் படத்தினுள் உண்டு. கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தோடு, எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் என்பவற்றுடன், அனுமதித்திருந்தால் அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளும் எழுதப்படுகின்றன. 2012ஆம் ஆண்டு டிசெம்பரிலே, பொலிசாருக்குத் தப்பி ஓடிய கணினித் தொழிலதிபர் ஜோன் மக்கபி என்பவருடன் எடுத்த படமொன்றைச் சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. அப்படத்தினுள்ளே கிடந்த இவ்வெண்களால் அவர் குவாத்தமாலாவில் இருப்பது அம்பலமாயிற்று. மறைந்திருக்க முழு மனத்தோடு முயன்றவரையே அது காட்டிக்கொடுத்தது.

பெரிய செயலிகள் பெரும்பாலும் படத்தை ஏற்கும்போது இவ்வெண்களை நீக்கிவிடுகின்றன. வாட்சப்பிலே படமாக அனுப்பும்போதும் நீங்கிவிடும். தெளிவு குறையாமல் அனுப்ப வேண்டி அதனையே கோப்பாக, அதாவது Document ஆக அனுப்பும்போது நீங்காது. இடர் விளைவது இங்கேதான்: செயலியிற் பழகிய ஒருவர், படம் தெளிவில்லை, மூலத்தை அனுப்பும் என்று கேட்பார், அனுப்புபவர் தம் வீட்டின் அகலாங்கு நெட்டாங்கையும் சேர்த்து அனுப்பிவிடுவார். தொடக்கத்திலேயே அடைத்துவிடுவது நல்லது. சாம்சங் தொலைபேசியிற் கமராவின் அமைப்பில் Location tags என்பதை நிறுத்துக. ஐபோனில் Settings, Privacy & Security, Location Services, Camera என்று வரிசையாகச் சென்று Never என்பதைத் தெரிவு செய்க. முன்னரே எடுத்த படமாயின், அதனைத் திரையில் விரித்துத் திரைப்பிடிப்பு எடுத்து, அப்பிடிப்பையே பயன்படுத்தலாம். மூலப் படத்தின் இட எண்கள் அதற்குள் வருவதில்லை.

இன்னுமொன்று: அதே படம் வேறெங்காவது இருத்தல் ஆகாது. கூகுள் லென்ஸ், TinEye போன்றவற்றிலே ஒரு படத்தைக் கொடுத்தால், இணையத்தில் அது வேறு எங்கே உள்ளது என்று அவை தேடிக் காட்டும். வங்கியின் இணையப் பக்கத்திலோ, தொழில் வலைத்தளத்திலோ, மைத்துனியின் திறந்த திருமணத் தொகுப்பிலோ கிடக்கும் படத்தைச் செயலியிலும் இட்டால், முதற்பெயர் மட்டும் சொன்னவளின் முழுப் பெயரும் காரியாலயமும் ஒரு நிமிடத்தில் வெளியாகும். எனவே செயலிக்கென்று ஒரு பிற்பகலை ஒதுக்கிப் புதுப் படங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அத்தளங்களிலே தாமே தேடிப் பார்த்துவிடுவதும் நல்லது.

யாவும் முடிந்த பின் இறுதிச் சோதனை ஒன்று உண்டு. இதற்கு வீட்டை அறியாத, ஆனால் நம்பத்தக்க ஒருவர் தேவை. காரியாலயத்துத் தோழியின் தம்பி போன்ற ஒருவர். ஆறு படங்களையும் எழுதிய வரிகளையும் அவரிடம் கொடுத்து, பதினைந்து நிமிடத்துக்குள் என்னென்ன கண்டுபிடிக்க முடிகிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் பழைய ஆறு படங்களை அவ்வாறு கொடுத்திருந்தால், “அக்கா, உங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், நான்காம் மாடியோ ஐந்தாம் மாடியோ, காலையில் ஆறு மணிக்கு முன் வந்தால் உங்களைக் கீழே பார்க்கலாம்” என்று அவன் சொல்லியிருப்பான். புதிய ஆறையும் கொடுத்தால், “நுவரெலியாவுக்குப் போயிருக்கிறீர்கள், வீணை வாசிப்பீர்கள், கண்ணாடி போடுவீர்கள்” என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்ல எதுவும் இராது. துணை தேடுபவர் அறிய வேண்டியதும் அவ்வளவே.

இவ்வேலிக்கும் ஓர் எல்லை உண்டு. முகத்தையே வைத்து இணையத்தைத் தேடும் தளங்கள் இன்று வந்துவிட்டன. புதிதாக எடுத்த படமாயினும், அதே முகம் வேறெங்காவது பெயரோடு கிடந்தால் அவை பொருத்திக் காட்டக்கூடும். ஆதலால் பழைய சமூக வலைப் பக்கங்களை நண்பர்க்கு மாத்திரம் எனப் பூட்டி வைத்தல் இதன் மறுபாதியாகும். ஒருமுறை இட்ட படத்தைப் பின்னர் அழித்தாலும், இடையிற் பார்த்தவர் பிரதி எடுத்திருக்கலாம். வீடு தெரியும் படமொன்றைப் பல மாதங்களாக இட்டிருந்தவர், அதனை உடனே நீக்குவதுடன், காலை ஓட்டத்தின் பாதையையும் நேரத்தையும் சில காலத்துக்கேனும் மாற்றிக்கொள்ளுதல் நன்று. அறியாத ஒருவர் படலையடியில் வந்து நின்றால், அல்லது சொல்லாத ஓரிடத்தின் பெயரைப் பேச்சிற் குறிப்பிட்டால், அவர் எழுதிய செய்திகளை அழித்துவிடாது பிடித்து வைத்துக்கொண்டு, வீட்டாரிடம் சொல்லி, 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்துடனோ 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துடனோ தொடர்பு கொள்ள வேண்டும்.

பெற்றார்க்கும் ஒரு சொல். பிள்ளை செயலியிலே துணை தேடுவது உங்களுக்கு உவப்பாக இருக்கலாம், இல்லாதும் இருக்கலாம். ஆயினும் அந்த ஆறு படங்களையும் ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். பார்க்கும்போது சேலை மடிப்பையும் பொட்டையும் பார்த்த பிறகு, படத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். பிள்ளை முகத்தின் நடுவைப் பார்த்துத்தான் படத்தைத் தேர்ந்திருக்கும். மூலைகளைப் பார்க்க இன்னொருவர் கண் வேண்டும். அந்நியன் கண் படுமுன் அது உங்கள் கண்ணாக இருக்கட்டும்.